பிராண்ட் வாக்குறுதி: ஊழியர்களுக்கான அறிமுகக் கூட்டத்தில் உண்மையில் என்ன நடக்க வேண்டும்?

வெண்தாழை

அனைவருக்கும் வணக்கம். வீடுகளுக்கு இணைய இணைப்பு வழங்கும் ஒரு நிறுவனத்தின் பிராண்ட் பிரிவில் நான் பணியாற்றுகிறேன். இன்னும் ஆறு வாரங்களில் எங்கள் புதிய வாக்குறுதி விளம்பரமாக வெளிவர இருக்கிறது. "உங்கள் புகாரை எடுத்தவரே அதை முடித்து வைப்பார்" என்பதுதான் அந்த வாக்குறுதி. வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிய ஒருவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே எங்களுக்கு வந்த மிகப் பெரிய குறை. அதனால் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

மொத்தம் 420 ஊழியர்கள் இருக்கிறார்கள். கால் சென்டரில் 140 பேர், களத்தில் டெக்னீஷியன்கள் 200 பேர், பில்லிங், ஸ்டோர், அலுவலகம் எல்லாம் சேர்த்து 80 பேர். இவர்களுக்கு மேல் 26 சூப்பர்வைசர்கள். என் கையில் இப்போது இருக்கும் திட்டம் எளிமையானது: ஒரு பெரிய அரங்கில் எல்லோரையும் கூட்டி அரை நாள் அறிமுக நிகழ்ச்சி, அதில் விளம்பரப் படத்தைத் திரையிடுவது, நிர்வாக இயக்குநரின் உரை, பிறகு ஒவ்வொருவரும் ஒரு மணி நேர ஆன்லைன் பயிற்சியை முடித்துத் தேர்வு எழுதுவது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு வாக்குறுதிக்கு இதே முறையைப் பின்பற்றினோம். நிகழ்ச்சி நடந்த அன்று எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள், டி-சர்ட் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு கிளையில் விசாரித்தபோது வாக்குறுதியின் சொற்களைப் பலர் பிழையில்லாமல் சொன்னார்கள், ஆனால் அதன்படி யாருடைய வேலையும் மாறியிருக்கவில்லை. இம்முறை எதை மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அச்சுக்கூடம்

உங்கள் திட்டத்தின் அடிப்படையில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்தியதுதான் குறை. மனிதர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அது பழக்கமாகும். நிகழ்ச்சிக்குப் பிறகு வாரம் ஒரு முறை குறுஞ்செய்தி, கணினித் திரையில் வாக்குறுதி, மேசைக்கு மேசை அட்டை, மாதம் ஒரு தேர்வு என்று தொடர்ந்து நினைவூட்டுங்கள். தேர்வில் 90 விழுக்காட்டினர் தேறும் வரை விளம்பரத்தை வெளியிட வேண்டாம். நான் பணியாற்றிய இடத்தில் இப்படித்தான் செய்தோம், புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட வாக்குறுதியை மனப்பாடமாகச் சொன்னார்கள்.

மூன்றாம்ஷிப்ட்

வெண்தாழை மேடம், நான் ஒரு கால் சென்டரில் டீம் லீடராக இருக்கிறேன், உங்கள் நிறுவனத்தில் இல்லை. உங்கள் வாக்குறுதியைப் படித்தவுடன் எனக்குத் தோன்றிய கேள்விகளை அப்படியே எழுதுகிறேன். உங்கள் ஊழியருக்குச் சராசரி அழைப்பு நேரம் என்று ஓர் இலக்கு இருக்கிறதா? அதை வைத்து இன்சென்டிவ் கணக்கிடுகிறீர்களா? புகார் எடுத்தவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு அதே வாடிக்கையாளர் அழைத்தால் அழைப்பு யாரிடம் போகும்? டெக்னீஷியன் தன் போனில் "முடிந்தது" என்று அழுத்திவிட்டால் புகார் தானாக மூடிவிடுமா?

எங்களிடமும் இதைப் போன்ற ஒரு வாக்குறுதி வந்தது. என் குழுவில் ஒரு பெண் இருந்தார், மிகவும் பொறுப்பானவர். கூட்டத்தில் சொன்னதை நம்பி, தான் எடுத்த புகார்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மாலையில் ஒவ்வொருவருக்கும் தானே அழைத்து, "சரியாகிவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாத முடிவில் அவருடைய எண்ணிக்கை குழுவிலேயே கடைசியாக இருந்தது. அந்த மாத இன்சென்டிவ் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலை அவரிடம் கொடுத்தவன் நான்தான். அடுத்த மாதத்திலிருந்து அவர் நோட்டு எழுதுவதை நிறுத்திவிட்டார், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற பதின்மூன்று பேரும் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சம்பவம் இன்னும் என்னை உறுத்துகிறது.

சாளரம்_7

நிறுவனம் ஊழியர்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? எங்கள் அலுவலகத்தில் ஆள் சேர்க்கும் விளம்பரத்தில் "உங்கள் வளர்ச்சியே எங்கள் வளர்ச்சி" என்று போடுவார்கள். சேர்ந்த பிறகு இரண்டு ஆண்டுகளாக எனக்குப் பதவி உயர்வே இல்லை. முதலில் ஊழியர்களுக்குச் சொன்னதை நிறைவேற்றினால் அவர்கள் தாமாகவே வாடிக்கையாளரை நன்றாகக் கவனிப்பார்கள் என்பது என் கருத்து.

வெண்தாழை

சாளரம்_7, நான் கேட்டது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்குறுதியைப் பற்றி. இருந்தாலும் நீங்கள் சொல்வதற்கும் மூன்றாம்ஷிப்ட் சொன்ன சம்பவத்துக்கும் தொடர்பு இருப்பதாகவே படுகிறது.

மூன்றாம்ஷிப்ட், உங்கள் நான்கு கேள்விகளுக்கும் இன்று விசாரித்துப் பதில் வாங்கினேன். சராசரி அழைப்பு நேரம் ஆறு நிமிடம், இன்சென்டிவில் பாதி அதைப் பொறுத்தது. ஷிப்ட் முடிந்த பிறகு வரும் அழைப்பு அப்போது யார் ஓய்வாக இருக்கிறாரோ அவரிடம் போகும். டெக்னீஷியன் "முடிந்தது" என்று அழுத்தினால் புகார் மூடிவிடும். வாடிக்கையாளர் மறுபடி அழைத்தால் புதிய புகார் எண் உருவாகும், பழைய எண்ணை எடுத்தவருக்கு அதைப் பற்றித் தெரியவே வராது. இவற்றில் ஒன்றுகூட எனக்கு நேற்று வரை தெரியாது என்பதை எழுதவே சங்கடமாக இருக்கிறது.

நெடுவழி

சேவை நிறுவனங்களில் பயிற்சிப் பணியில் எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உண்டு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூன்றாண்டுக்கு முந்தைய அனுபவத்திலேயே விடை இருக்கிறது. ஊழியர்கள் சொற்களை மறக்கவில்லை. அதனால் நினைவூட்டலால் அந்தக் குறை தீர்ந்திருக்காது. அச்சுக்கூடம் சொல்வதில் பாதி சரி: பழக்கமாக வேண்டுமென்றால் திரும்பத் திரும்பப் பேச வேண்டும்தான். ஆனால் எதைப் பேசுவது என்பது முக்கியம். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் ஊழியர்கள் சில நிமிடங்கள் கூடி நின்று தங்கள் சேவை நெறிகளில் ஒன்றைப் பற்றிப் பேசுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. அதை மட்டும் பார்த்து நகல் எடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே நிறுவனம் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை மேலதிகாரியைக் கேட்காமலே செலவிடும் அதிகாரத்தைச் சாதாரண ஊழியருக்கும் கொடுத்திருக்கிறது என்பதை அவர்கள் நகல் எடுப்பதில்லை. காலையில் பேசுவதை மாலைக்குள் செய்து காட்டும் வழி ஊழியர் கையில் இருப்பதால்தான் அந்தப் பேச்சுக்குப் பொருள் கிடைக்கிறது.

ஆகவே அறிமுகக் கூட்டத்தின் முதல் வேலை, இந்த வாக்குறுதியைக் காப்பாற்ற விடாமல் தடுப்பது எது என்பதை வேலை செய்பவர்கள் வாயிலிருந்தே வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரங்கில் 420 பேர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒரே வேலையைச் செய்யும் 18 பேரை ஓர் அறையில் உட்கார வைத்தால் சொல்வார்கள். 420 பேருக்கு 24 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், நாளுக்கு நான்கு என்றால் ஆறு வேலை நாட்கள். ஷிப்டுக்கு இடையில் இதைச் செய்ய முடியும்.

அமர்வை நான் இப்படி நடத்துவேன். முதல் பத்து நிமிடம் வாக்குறுதியைச் சொல்லி, ஒரு வாடிக்கையாளர் நான்காவது முறையாக அழைத்துப் பேசிய அழைப்புப் பதிவை, பெயர்களை நீக்கிவிட்டு, முழுவதுமாகக் கேட்க விடுவேன். விளம்பரப் படத்தைவிட இது ஆழமாக இறங்கும். அடுத்து, கடந்த மாதத்தில் உண்மையில் வந்த மூன்று புகார்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகள் கேட்பேன். இதை இன்று எப்படிக் கையாண்டோம்? வாக்குறுதியின்படி என்றால் எப்படிக் கையாண்டிருக்க வேண்டும்? அப்படிச் செய்யவிடாமல் தடுத்தது எது? தடையை ஆளுக்கொரு அட்டையில் எழுதச் சொல்வேன். இதற்கு நாற்பது நிமிடமாவது வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது.

பிறகு அட்டைகளை மேசையில் மூன்று குவியலாகப் பிரிப்போம். இந்த அறையில் இருப்பவர்களே இன்று முடிவு செய்யக்கூடியவை ஒரு குவியல், சூப்பர்வைசர் முடிவு செய்யக்கூடியவை இன்னொன்று, நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டியவை மூன்றாவது. மூன்றாவது குவியலுக்கு 48 மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும். "ஆம்", "முடியாது", "இந்தத் தேதிக்குள்" என்ற மூன்றில் எது வந்தாலும் சரி, பதிலே வராமல் இருக்கக் கூடாது. காரணத்தோடு சொல்லப்படும் "முடியாது" என்பதை ஊழியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதே என் அனுபவம். மீதி நேரத்தில் அவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் அதே திரையைத் திறந்து வைத்து, ஒருவர் வாடிக்கையாளராகவும் ஒருவர் ஊழியராகவும் இருந்து பேசிப் பழக வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அமர்வை நடத்த வேண்டியவர் அந்தக் குழுவின் சூப்பர்வைசர், உங்கள் பிரிவு அல்ல. அவர்தான் மறுநாள் காலை இலக்குப் பட்டியலோடு வந்து நிற்கப்போகிறவர். அவர் நம்பாத வாக்குறுதியைக் குழு நம்பாது. ஆகவே 26 சூப்பர்வைசர்களுக்கும் முதல் வாரத்திலேயே இரண்டு முழு நாட்கள் ஒதுக்குங்கள். முதல் நாள் அவர்களே அட்டை எழுத வேண்டும், இரண்டாம் நாள் அமர்வை நடத்திப் பழக வேண்டும்.

அச்சுக்கூடம்

நெடுவழி ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அட்டை எழுதச் சொன்னால் சம்பளம், விடுப்பு, கேன்டீன் என்று எல்லாக் குறைகளும் வந்து கொட்டும், வாக்குறுதி காணாமல் போய்விடும். மேலும் தேர்வை முழுவதுமாக ஒதுக்குவது சரியா? சொற்களே தெரியாதவர் எப்படி அதன்படி நடப்பார்?

நெடுவழி

அந்தப் பயம் நியாயமானது, எனக்கும் நடந்திருக்கிறது. தொடக்கத்தில் "உங்களுக்கு என்ன சிரமம்?" என்று பொதுவாகக் கேட்டேன், நீங்கள் சொன்னதுபோல எல்லாம் வந்தது. அதன் பிறகுதான் உண்மையான புகார் ஒன்றை மேசையில் வைத்து, அதில் எந்த இடத்தில் எது தடுத்தது என்று கேட்கத் தொடங்கினேன். கேள்வி குறுகினால் பதிலும் குறுகுகிறது. அப்படியும் சம்பளத்தைப் பற்றி ஓர் அட்டை வந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

தேர்வு இருக்கட்டும், ஆனால் அது காட்டுவது ஒருவர் என்ன அறிந்திருக்கிறார் என்பதை மட்டும். பயிற்சி பலித்ததா என்பதை அமர்வு முடிந்து இரண்டு வாரம் கழித்து அழைப்புப் பதிவுகளில் தேடுங்கள். ஒவ்வொருவரின் அழைப்புகளிலும் ஐந்தை எடுத்துக் கேளுங்கள். தன் பெயரைச் சொல்லி, தான் திரும்ப அழைக்கும் நேரத்தைச் சொன்னாரா? சொன்ன நேரத்தில் அழைத்தாரா? இந்த இரண்டு கேள்விகள் போதும்.

கணக்கேடு

நான் நிதிப் பிரிவைச் சேர்ந்தவன். எல்லோரும் செலவைப் பற்றிப் பேசாமலே போகிறீர்கள். எட்டு மணி நேர ஷிப்டில் ஒவ்வொருவரும் திரும்ப அழைக்க 40 நிமிடம் ஒதுக்கினால் அது 480 நிமிடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 140 பேரில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 12 பேரின் வேலை நேரம். புதிதாக 12 பேரை எடுக்க வேண்டும், அல்லது வாடிக்கையாளர் வரிசையில் காத்திருக்கும் நேரம் கூடும். அமர்வுகளைத் தொடங்குவதற்கு முன்பே இதை நிர்வாகத்திடம் எழுத்தில் வையுங்கள். கூட்டத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டு, மூன்றாவது மாதத்தில் வரிசை நீள்கிறது என்று திரும்பப் பிடுங்குவது மிக மோசமான முடிவாக இருக்கும்.

இன்னொன்று: பில்லிங், ஸ்டோர் ஊழியர்களை இதில் சேர்ப்பது தேவையற்ற செலவு. அவர்கள் வாடிக்கையாளரிடம் பேசுவதே இல்லை.

மூன்றாம்ஷிப்ட்

கணக்கு சரிதான் ஐயா, ஆனால் அதன் மறுபக்கத்தையும் சேர்க்க வேண்டும். ஒரே சிக்கலுக்கு நான்கு முறை வரும் அழைப்பு இரண்டாகக் குறைந்தால் அந்த நேரம் திரும்பக் கிடைக்கும். எவ்வளவு என்பதை ஒரு குழுவில் இரண்டு வாரம் செய்து பார்த்தால்தான் தெரியும், முன்கூட்டியே சொல்ல முடியாது.

பில்லிங் பிரிவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. ரௌட்டரை மாற்றிக் கொடுத்த பிறகும் பழைய கருவிக்குப் பணம் கேட்டு பில் வரும். வாடிக்கையாளர் என் ஊழியரை அழைப்பார், என் ஊழியர் பில்லிங்குக்கு மின்னஞ்சல் அனுப்புவார், அங்கே அது பொதுப் பெட்டியில் விழுந்து ஒரு வாரம் கிடக்கும். "எடுத்தவரே முடித்து வைப்பார்" என்ற சொல் உடைவது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான்.

நெடுவழி

மூன்றாம்ஷிப்ட் சொல்வதற்கு ஒரு பழைய சான்று உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1983-இல் "புட்டிங் பீப்பிள் ஃபர்ஸ்ட்" என்ற இரண்டு நாள் பயிற்சியைத் தொடங்கியபோது முதலில் அது பயணிகளோடு நேரடியாகப் பழகும் ஊழியர்களுக்காகவே திட்டமிடப்பட்டது. பிறகு பின்னணியில் வேலை செய்பவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது, பல பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் ஒரே அறையில் கலந்து உட்கார்ந்தார்கள். அப்போதைய தலைமை நிர்வாகி காலின் மார்ஷல் பல அமர்வுகளுக்குத் தாமே வந்து கேள்விகளை எதிர்கொண்டார். மேலாளர்களுக்குத் தனிப் பயிற்சி அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை நீங்கள் மாற்றி, மேலாளர்களிடமிருந்தே தொடங்கலாம் என்பது என் துணிபு.

பில்லிங் பிரிவினரைத் தனியாக உட்கார வைக்காமல், ஒவ்வொரு கால் சென்டர் அமர்விலும் இரண்டு மூன்று பேராகக் கலந்து உட்கார வையுங்கள். அந்தப் பொதுப் பெட்டியைப் பற்றிய அட்டை எழுதப்படும்போது, அதைத் திறப்பவர் அதே மேசையில் இருக்க வேண்டும்.

வெண்தாழை

எல்லோருக்கும் நன்றி. அரங்க நிகழ்ச்சியைக் கைவிட நிர்வாகம் ஒப்புக்கொண்டது. விளம்பரத் தேதியைத் தள்ளிவைக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்யும் டெக்னீஷியன்களை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. 200 பேரில் பாதிப்பேர் அப்படித்தான், அவர்களுடைய கூலி ஒரு நாளில் எத்தனை வீடுகளுக்குப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றரை மணி நேரம் அமர்வில் உட்கார்ந்தால் அன்றைய வருமானத்தில் ஒரு பகுதி போய்விடும்.

சாளரம்_7

அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு உங்கள் நிறுவனமே கூலி கொடுக்கலாமே. முதல் பதிவில் நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், ஆனால் சொல்ல வந்தது ஏறக்குறைய இதைத்தான்.

நெடுவழி

கூலி கொடுத்தால் அவர்கள் அமர்வுக்கு வருவார்கள், அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் வீட்டுக்கு இவ்வளவு என்ற கூலி முறை மாறாதவரை, வாடிக்கையாளர் முன்னால் இணைப்பைச் சோதித்துக் காட்ட அவர்கள் இருபது நிமிடம் கூடுதலாக நிற்க மாட்டார்கள். அதற்கு அமர்வில் தீர்வு கிடையாது. ஒப்பந்தத்தைத்தான் திருத்த வேண்டும். ஆறு வாரத்தில் அது நடக்காது. தேதியை மாற்ற முடியாதென்றால் வாக்குறுதியின் சொற்களைக் குறுக்குங்கள். காப்பாற்ற முடிந்த சிறிய வாக்குறுதியோடு தொடங்கலாம்.

அச்சுக்கூடம்

இதில் எனக்கு உடன்பாடில்லை. சொற்களைக் குறுக்கினால் விளம்பரம் யாருடைய கவனத்தையும் ஈர்க்காது. பெரிய வாக்குறுதியை வெளியில் சொன்ன பிறகுதான் உள்ளே இருப்பவர்கள் மாறுவார்கள் என்பதையும் நான் கண்டிருக்கிறேன். வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கும் ஒரு பலன் உண்டு.

மூன்றாம்ஷிப்ட்

அந்த அழுத்தம் முதலில் வந்து விழுவது ஹெட்செட் போட்டிருப்பவர் காதில், ஐயா. விதியை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

வெண்தாழை

ஒன்பது வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நடந்ததைப் பதிவு செய்ய வேண்டிய கடமை எனக்கு உண்டு.

சூப்பர்வைசர்களின் இரண்டு நாட்களில், முதல் நாள் மதியம் வரை அறையில் பேச்சே எழவில்லை. அழைப்புப் பதிவைக் கேட்ட பிறகு ஒருவர் எழுந்து, "இந்த வாடிக்கையாளர் மூன்றாவது முறை அழைத்தபோது பேசியது என் குழு, அழைப்பைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னது நான்" என்றார். அதன் பிறகு அட்டைகள் வரத் தொடங்கின.

24 அமர்வுகளில் 212 அட்டைகள் சேர்ந்தன. ஒரே தடையைச் சொல்லும் அட்டைகளை ஒன்றாக்கியபோது 47 தடைகள் மிஞ்சின. ஊழியர்களே முடிவு செய்தவை 19, சூப்பர்வைசர்கள் முடிவு செய்தவை 17, நிர்வாகத்துக்குப் போனவை 11. அந்தப் பதினொன்றில் ஆறுக்கு "ஆம்", இரண்டுக்கு "முடியாது", மூன்றுக்குத் தேதி. தீராத புகார் உள்ள அழைப்புகளைச் சராசரி நேரக் கணக்கிலிருந்து நீக்கியதுதான் அந்த ஆறில் முக்கியமானது. கணக்கேடு சொன்ன 12 பேர் கணக்கை முன்கூட்டியே கொடுத்திருந்ததால் அது ஒரே நாளில் முடிவானது. ஏழு பேரை எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது.

புகாரை எடுத்தவரின் பெயருக்கே மறுபடி அழைப்பு போகும்படி மென்பொருளை மாற்ற எட்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் ஒரு சூப்பர்வைசர் வழி கண்டுபிடித்தார். குறிப்புக் கட்டத்தின் முதல் வரியில் புகார் எடுத்தவரின் ஊழியர் எண்ணை எழுதுவது, இரவில் மறுபடி வந்த புகார்களின் பட்டியலை டீம் லீடர் காலை ஏழரை மணிக்கு எடுத்து உரியவரிடம் கொடுப்பது. நேர்த்தியான வழி என்று சொல்ல முடியாது, ஆனால் நடக்கிறது.

விளம்பரச் சொற்களைக் குறுக்கினோம்: "புகாரை எடுத்தவரே மறுநாளுக்குள் உங்களை அழைப்பார்." முடித்து வைப்பதாகச் சொல்லவில்லை. அச்சுக்கூடம் அஞ்சியதுபோல விற்பனைப் பிரிவுக்கு இதில் வருத்தம்தான், அது இன்னும் தீரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அழைப்புகளைக் கேட்டோம். பெரும்பாலானவர்கள் பெயரையும் நேரத்தையும் சொல்கிறார்கள். சொன்ன நேரத்தில் அழைப்பதில் பகல் ஷிப்ட் நன்றாக இருக்கிறது, இரவு ஷிப்ட் பின்தங்கியிருக்கிறது. எனக்கு இப்போது வேறொரு கவலை. அமர்வுகளுக்குப் பிறகும் அட்டைப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறோம். முதல் வாரம் 20 அட்டைகள் வந்தன, கடந்த வாரம் ஒன்றுகூட இல்லை.

நெடுவழி

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். பெட்டி காலியாக இருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றுக்குத் தேதி கொடுத்தார்கள் என்றீர்களே, அவற்றில் ஏதாவது ஒரு தேதி கடந்துவிட்டதா?

வெண்தாழை

ஆம். பில்லிங் பொதுப் பெட்டியைப் பிரித்துத் தருவதாகச் சொன்ன தேதி பத்து நாட்களுக்கு முன்பே போய்விட்டது. யாரும் ஊழியர்களிடம் எதுவும் சொல்லவில்லை. நாளைக் காலை ஷிப்ட் கூடும்போது நானே போய் ஏன் தாமதம், புதிய தேதி எது என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.